புகை எழும் இடத்திலேயே பிடிப்பது

வெல்டிங் வில்லின் சூட்டில் உலோகமும் ராடின் பூச்சும் ஆவியாகின்றன. அந்த ஆவி சற்று மேலே எழுந்ததும் குளிர்ந்து, மிக நுண்ணிய திடத் துகள்களாக உறைகிறது. கண்ணுக்கு நீலச் சாம்பலாகத் தெரியும் வெல்டிங் புகை இந்தத் துகள்களின் கூட்டம்தான். பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை அவை போய்ச் சேரும். சாதாரண இரும்பை வெல்டிங் செய்தால் அவற்றில் இரும்பு ஆக்சைடும் மாங்கனீசும் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நிக்கலும் குரோமியத்தின் நச்சு வடிவமும் சேரும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

இந்தப் புகைக்குப் பட்டறைகளில் வழக்கமாகச் செய்யப்படும் ஏற்பாடு, சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பது. அது கொட்டகைக் காற்றை மெல்ல மாற்றும். ஆனால் புகை அங்கே போய்ச் சேரும் முன்பே, குனிந்து வேலை செய்பவரின் முகத்தைக் கடந்துவிடுகிறது. இதற்கு மாற்றாக, புகை எழும் புள்ளிக்கு அருகிலேயே ஒரு வாயை வைத்து, அது பரவும் முன் இழுத்து வெளியேற்றுவதே உள்ளிட உறிஞ்சுக் காற்றோட்டம். இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 14-ஆம் பிரிவும் இதையே கேட்டது: உறிஞ்சு சாதனம் தேவைப்படும் இடத்தில் அதைத் தூசியோ புகையோ தோன்றும் இடத்துக்கு இயன்ற அளவு நெருக்கமாக வைக்க வேண்டும், அந்த இடத்தை இயன்றவரை அடைக்கவும் வேண்டும்.

இந்த அமைப்பில் நான்கு உறுப்புகள் உண்டு. புகையைப் பிடிக்கும் வாய், அதாவது ஹூட். அதைக் கொண்டுபோகும் குழாயான டக்ட். துகளைத் தடுக்கும் ஃபில்டர். எல்லாவற்றையும் இழுக்கும் புளோயர். விலை புளோயரிலும் ஃபில்டரிலும் இருப்பதால் வாங்குபவரின் கவனமும் அங்கேயே போகிறது. புகை பிடிபடுமா பிடிபடாதா என்பதோ ஹூட்டின் வாயில்தான், அதுவும் அதற்கு முன்னால் உள்ள சில அங்குலங்களில், முடிவாகிவிடுகிறது.

காற்றை ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே அடிப்படை. ஊதுகுழலால் ஒரு முழம் தள்ளியிருக்கும் கனலையும் கிளறிவிடலாம். அதே குழலை வாயில் வைத்து உறிஞ்சினால் அந்தச் சாம்பல் அசையாது. ஊதும்போது காற்று ஒரே திசையில் ஒரு தாரையாகப் போகிறது. உறிஞ்சும்போது அது எல்லாத் திசைகளிலிருந்தும், பின்பக்கத்திலிருந்தும்கூட, வாயை நோக்கி வருகிறது. அதனால் வட்ட வாயிலிருந்து ஒரு விட்டத் தூரம் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் வாயில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். ஊதும் தாரையில் வேகம் அந்த அளவுக்குக் குறைய ஏறக்குறைய முப்பது விட்டத் தூரமாகும்.

இந்த வீழ்ச்சியை 1930-களில் ஜோசப் டல்லவாலே என்ற அமெரிக்கப் பொறியாளர் அளந்து ஒரு சூத்திரமாக்கினார். வடிவமைப்பாளர்கள் இன்றும் அதையே கையாள்கிறார்கள்:

Q = V (10X² + A)

Q என்பது ஒரு நொடிக்கு இழுக்க வேண்டிய காற்று, கன மீட்டரில். X என்பது வாய்க்கும் புகை எழும் இடத்துக்கும் உள்ள தூரம். A வாயின் பரப்பு. V என்பது புகை எழும் இடத்தில் காற்றுக்கு இருக்க வேண்டிய வேகம். அதைப் பிடிப்பு வேகம் என்று சொல்லலாம். சூத்திரத்தில் தூரம் இருமடியாக வருகிறது. தூரம் இரட்டித்தால் தேவைப்படும் காற்று நான்கு மடங்கை நெருங்குகிறது. வாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்குத் தூரம் வரை இந்தக் கணக்கை நம்பலாம்; அதற்கு அப்பால் ஹூட் வைப்பதே வீண் செலவு.

பிடிப்பு வேகம் எவ்வளவு வேண்டும் என்பது புகை எப்படிப் பிறக்கிறது, சுற்றியுள்ள காற்று எவ்வளவு அசைகிறது என்பதைப் பொறுத்தது. அமைதியான தொட்டியிலிருந்து மெல்ல எழும் ஆவிக்கு நொடிக்கு 0.25 முதல் 0.5 மீட்டர் போதும். வெல்டிங்குக்கு 0.5 முதல் 1 மீட்டர் வரை என்பது வழக்கம். கூட வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மிக் வெல்டிங்கில் உருகிய உலோகத்தை மூடிக் காக்கும் வாயுவைப் பலத்த காற்று கலைத்துவிடும். இணைப்பில் துளைகள் விழும். துளை விழுவதைப் பார்த்த வெல்டர் அடுத்து செய்வது ஹூட்டைத் திருப்பி வைப்பது, அல்லது புளோயரை நிறுத்துவது. அவரைக் குறை சொல்ல முடியாது. வேலையைக் கெடுக்கும் ஹூட் வடிவமைப்பில் தோற்ற ஹூட்தான்.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். துவாக்குடியிலோ அம்பத்தூரிலோ இருப்பது போன்ற ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. நான்கு வெல்டிங் மேசைகள். நான்கிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கலாம். ஒவ்வொரு மேசைக்கும் நகர்த்தக்கூடிய கையில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட ஹூட். வேலை செய்யும் புள்ளியிலிருந்து அது 30 செ.மீ. தூரத்தில் நிற்கும். பிடிப்பு வேகம் நொடிக்கு 0.5 மீட்டர்.

வாயின் பரப்பு 0.07 சதுர மீட்டர். X 0.3 என்பதால் 10X² 0.9 ஆகிறது. இரண்டையும் கூட்டி 0.5-ஆல் பெருக்கினால் நொடிக்கு 0.485 கன மீட்டர் காற்று. இப்போது ஹூட்டின் வாயைச் சுற்றி 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு தகட்டு விளிம்பு வைத்தால், பின்பக்கத்திலிருந்து வீணாக வரும் நல்ல காற்று தடைபடும். அதே பிடிப்பு வேகத்துக்குக் கால் பங்கு குறைந்த காற்றே போதும், 0.364 கன மீட்டர். ஒரு துண்டுத் தகடு புளோயரின் சுமையில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கிறது. இந்தத் துறையில் இதைவிட மலிவான ஆதாயம் இல்லை. ஆனாலும் விளிம்பில்லாத ஹூட்டுகளே எங்கும் தென்படுகின்றன.

அந்த 0.364 கன மீட்டர் வாயில் நுழையும்போது அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல். கையை வைத்துப் பார்ப்பவருக்கு அது பலமான இழுவையாகத் தெரியும். 30 செ.மீ. தள்ளி அது 0.5 மட்டுமே. வேலை நகர நகர ஹூட்டை நகர்த்தாமல் விட்டு, தூரம் 45 செ.மீ. ஆகிவிட்டால், அதே பிடிப்பு வேகத்துக்கு 0.79 கன மீட்டர் தேவைப்படும்; இரு மடங்குக்கும் மேல். புளோயர் அதைத் தராது. வெல்டர் ஒரு சாண் தூரத்தைக் குறைப்பது புளோயரை இரண்டு மடங்கு பெரிதாக்குவதற்குச் சமம். ஆகவே, ஒரு கையால் இழுத்து நிறுத்தும் அளவுக்கு ஹூட்டின் கை இலகுவாக இருக்க வேண்டும். இறுகிப்போன மூட்டுள்ள கை, எவ்வளவு காற்று இழுத்தாலும், சில நாளில் சுவர்ப் பக்கம் ஒதுக்கப்பட்டுவிடும்.

ஹூட் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தூரத்துக்கு அடுத்த கேள்வி. சூட்டுப் புகை மேலே எழுவதால் மேசைக்கு நேர் மேலே ஒரு குடை ஹூட் தொங்கவிடுவது இயல்பான யோசனையாகத் தெரிகிறது. யாரும் குனிந்து நிற்காத தொட்டிக்கும் உலைக்கும் அது பொருந்தும். வெல்டரின் தலையோ மேசைக்கும் குடைக்கும் நடுவில் இருக்கிறது. குடை நன்றாக இழுக்க இழுக்க, புகை அவர் முகமூடிக்குள் நுழைந்து வழியாகப் போகிறது. பக்கவாட்டிலோ எதிர்ப்புறத்திலோ சற்று உயரத்தில் நிற்கும் ஹூட், எழும் புகையை முகத்திலிருந்து விலக்கி இழுக்கும். மேசையின் பின்னால் ஒரு தகடும் இரு பக்கமும் சிறு தடுப்புகளும் வைத்தால் இன்னும் நல்லது. குறுக்கே வீசும் காற்று தடைபடும். இழுக்க வேண்டிய காற்றின் அளவும் குறையும்.

குறுக்குக் காற்று தமிழ்நாட்டுப் பட்டறைகளின் தனிச் சிக்கல். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பெடஸ்டல் ஃபேன் இல்லாமல் யாரும் நிற்க முடியாது. ஆனால் உடலுக்குக் குளிர்ச்சி தரும் அந்தக் காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தாராளமாகத் தாண்டும். அதன் முன்னால் 0.5 மீட்டர் பிடிப்பு வேகம் தாக்குப்பிடிக்காது. புகை ஹூட்டைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போய்விடும். ஃபேனை எடுத்துவிடச் சொல்வது நடக்கிற காரியம் அல்ல. வெல்டரின் முதுகுப் பக்கம் தாழ்வாக, மேசையின் மேல்மட்டத்தில் காற்று படாதபடி அதைத் திருப்பி வைப்பதும், மேசைக்குத் தடுப்பு போடுவதும்தான் வழி. நான்கு ஹூட்டுகளும் நொடிக்கு ஒன்றரைக் கன மீட்டரளவு காற்றை வெளியே தள்ளுகின்றன. அதே அளவு காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். திறந்த கொட்டகையில் அது தானாக வரும். மூடிய அறையில் அதற்கென வழி விடாவிட்டால் அறை முழுவதும் இழுபட்டு, கதவைத் திறப்பதே கடினமாகும்; ஹூட்டின் காற்றும் குறையும்.

அடுத்தது டக்ட். குழாயின் அளவை முடிவு செய்வது உள்ளே காற்று ஓட வேண்டிய வேகம். வெறும் ஆவிக்கும் வாயுவுக்கும் எந்த வேகமும் போதும். வெல்டிங் புகைக்கு நொடிக்கு 10 முதல் 13 மீட்டர் வரை வேண்டும். கிரைண்டிங் தூசி போன்ற கனமான துகளுக்கு 20 மீட்டரை எட்ட வேண்டும். வேகம் குறைந்தால் துகள் குழாயின் அடியில் படிந்து வழி குறுகும். வீணாகக் கூட்டினால் உராய்வும் மின்கட்டணமும் சத்தமும் ஏறும். நம் பட்டறையில் ஒரு மேசைக்கு 0.364 கன மீட்டர். 200 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 11.6 மீட்டர் வேகத்தில் போகும். நான்கும் சேரும் பிரதான டக்டுக்கு 400 மில்லிமீட்டர் வைத்தால் அதே 11.6. இடையில் ஒவ்வொரு கிளை சேரும்போதும் பிரதானக் குழாய் படிப்படியாகப் பெருக்க வேண்டும். முதல் மேசையிலிருந்தே 400 மில்லிமீட்டர் குழாயை ஓட்டினால், ஒற்றைக் கிளையின் காற்று மட்டும் ஓடும் பகுதியில் வேகம் 3 மீட்டருக்கும் கீழே விழுந்து, அங்கே தூசி தங்கும்.

இந்தக் கணக்கு வெல்டிங்குக்கு மட்டுமானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெல்டிங் முடிந்ததும் அதே மேசையில் கிரைண்டரை எடுப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. அந்தத் தூசி 11.6 மீட்டர் வேகத்தில் நகராது, படிந்துவிடும். கிரைண்டரின் தீப்பொறி குழாய் வழியே ஃபில்டருக்குப் போய்ச் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும். கிரைண்டிங்குக்குத் தனி ஹூட், தனிக் குழாய், ஃபில்டருக்கு முன் பொறி தடுப்பான் என்று பிரிப்பதே முறை.

கிளைகளைச் சேர்க்கும் கோணமும் வளைவும் அடுத்துக் கவனிக்க வேண்டியவை. கிளை பிரதானக் குழாயில் செங்குத்தாக மோதாமல் 30 பாகைச் சாய்வில் காற்றின் போக்கோடு சேர வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. சுருள் ஹோஸ் கைக்குத் தேவையான நீளம் மட்டும் போதும். வழவழப்பான தகட்டுக் குழாயைவிட அது பல மடங்கு தடை தரும், தொய்ந்தால் இன்னும் மோசம். புளோயருக்குப் பக்கத்திலுள்ள ஹூட் தானாகவே அதிகம் இழுக்கும், கடைசி ஹூட் பட்டினி கிடக்கும். ஒவ்வொரு கிளையிலும் டேம்பர் வைத்து நான்கையும் சமப்படுத்தி, பிறகு அந்த டேம்பர்களை யாரும் அசைக்காதபடி பூட்டிவிடுவது வழக்கம்.

இரண்டு வருடம் கழித்து ஆர்டர் கூடி, ஐந்தாவது மேசை வருகிறது என்று வைப்போம். பிரதானக் குழாயில் ஒரு ஓட்டை போட்டு இன்னொரு கிளையை இணைப்பது ஒரு மணி நேர வேலை. ஆனால் புளோயர் தரும் காற்று பெரிதாகக் கூடாது. முன்பு நான்காகப் பிரிந்தது இப்போது ஐந்தாகப் பிரியும். ஒவ்வொரு ஹூட்டுக்கும் ஏறக்குறைய 0.3 கன மீட்டர்தான் கிடைக்கும். புதிய மேசைக்குப் புகை போக்கியாயிற்று என்று எண்ணும்போது, உண்மையில் ஐந்து மேசைகளிலும் பாதுகாப்பு குறைந்திருக்கிறது. புல்லியை மாற்றிப் புளோயரின் வேகத்தைக் கூட்டலாமே என்றால், காற்றைக் கால் பங்கு கூட்ட மின்திறன் ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். காற்று வேகத்தோடு நேராகக் கூடுகிறது. மின்திறனோ வேகத்தின் மும்மடியாகக் கூடுகிறது. மோட்டார் அதைத் தாங்காது.

இப்போது சரிபார்ப்பு. புளோயர் சத்தம் போடுகிறது என்பது எதற்கும் சான்று அல்ல. மோட்டாரை ரீவைண்டிங் செய்து திரும்ப மாட்டும்போது மூன்று ஃபேஸில் இரண்டு வயர் இடம் மாறினால் புளோயர் பின்பக்கமாகச் சுழலும். மையவிலக்குப் புளோயர் அப்போதும் அதே திசையில்தான் இழுக்கும். ஆனால் காற்று வெகுவாகக் குறையும். சத்தம் கேட்கும், ஹூட்டில் கை வைத்தால் லேசான இழுவையும் தெரியும். பல மாதம் யாருக்கும் சந்தேகம் வராது. புளோயரின் உறையில் உள்ள அம்புக்குறியையும் அது நிற்கப்போகும் தறுவாயில் இறக்கை சுழலும் திசையையும் ஒருமுறை பார்த்தால் இது தெரிந்துவிடும்.

எளிய சோதனை புகைதான். வேலை நடக்கும் புள்ளியில் ஒரு புகைக் குப்பியையோ, அது இல்லாவிட்டால் ஊதுவத்தியையோ பிடித்து, புகை எங்கே போகிறது என்று பார்ப்பது. தயங்காமல் ஹூட்டுக்குள் போனால் நல்லது. பாதி வழியில் கலைந்தாலோ வெல்டர் நிற்கும் பக்கம் திரும்பினாலோ, குறுக்குக் காற்றோ தூரமோ காரணம். இதைச் செய்யும்போது வெல்டர் தன் இடத்தில் நிற்க வேண்டும். பெடஸ்டல் ஃபேனும் வழக்கம்போல் ஓட வேண்டும். ஹூட்டின் வாயில் அனிமோமீட்டரை வைத்துப் பல இடங்களில் அளந்து சராசரி எடுத்தால், நம் கணக்குப்படி 5 மீட்டருக்கு மேல் வர வேண்டும்.

இன்னும் திருத்தமாக அளக்க டக்டுக்குள் பிட்டோ குழாயைச் செலுத்துகிறார்கள். ஓடும் காற்றின் வேக அழுத்தத்தை அது காட்டும். 11.6 மீட்டர் வேகத்துக்கு அந்த அழுத்தம் 81 பாஸ்கல். தண்ணீர் மட்டத்தில் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். குழாயின் நடுவில் காற்று வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடுவதால், செங்குத்தான இரு விட்டங்களில் விட்டத்துக்குப் பத்துப் புள்ளிகளில் அளப்பது வழக்கம். வளைவிலிருந்து விட்டத்தைப் போல ஏழு மடங்குத் தூரமாவது தள்ளி, நேரான பகுதியில் அளக்க வேண்டும். அழுத்தங்களைச் சராசரி எடுத்து வேகம் கணக்கிடுவது தவறு. ஒவ்வொன்றுக்கும் வேகம் கண்ட பிறகே சராசரி எடுக்க வேண்டும்.

தினசரிக் கண்காணிப்புக்கு இவ்வளவு தேவையில்லை. ஒவ்வொரு ஹூட்டுக்கும் பின்னால், குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்குத் தூரத்தில், நம் கணக்கில் 60 செ.மீ. தள்ளி, 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, உட்பக்கப் பிசிறைத் தேய்த்துவிட வேண்டும். அதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை இணைத்து, U வடிவில் வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினால் அதுவே மானோமீட்டர். கூம்பு வடிவில் குறுகி விளிம்பும் உள்ள நம் ஹூட்டில், எல்லாம் சரியாக இருக்கும் நாளில், இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வேறுபாடு சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அந்த எண்ணை அமைப்பு நிறுவிய நாளிலேயே டியூபுக்குப் பக்கத்தில் பெயிண்டால் எழுதிவிட வேண்டும். ஒப்பிடுவதற்குத் தொடக்க எண் இல்லாவிட்டால் பிறகு எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இல்லை.

ஒரு நாள் அது 5 மில்லிமீட்டர் காட்டுகிறது. அழுத்தம் பாதியானால் காற்று பாதியாவதில்லை; இருமடி மூலத்தில் குறைந்து 71 சதவீதமாகிறது, அதாவது 0.26 கன மீட்டர். அதற்குப் பிடிப்பு வேகம் 30 செ.மீ. தூரத்தில் 0.35 மீட்டர்தான். பழுது பார்க்கும் வரை ஹூட்டை 25 செ.மீ.க்கு நெருக்கி வைத்தால் 0.5 மீண்டும் கிடைக்கும்; தற்காலிகத்துக்கு இது போதும்.

பழுது எங்கே என்பதைக் கண்டுபிடிக்க ஃபில்டருக்கு முன்னாலும் இன்னொரு துளை வேண்டும். ஹூட்டில் இழுவை குறைந்து, ஃபில்டருக்கு முன் இழுவை கூடியிருந்தால், இடையில் குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது யாரோ டேம்பரை மூடியிருக்கிறார்கள். இரண்டிலும் குறைந்திருந்தால் குற்றம் அதற்கு அப்பால்: ஃபில்டர் அடைப்பு, நழுவும் பெல்ட், தேய்ந்த இறக்கை, பின்பக்கம் சுழலும் மோட்டார். ஹூட்டில் மட்டும் எண் 10-லிருந்து 15-க்கு ஏறியிருந்தால் காற்று கூடிவிட்டது என்று மகிழக் கூடாது. பெரும்பாலும் ஹூட்டின் வாயை ஒரு துணியோ அட்டையோ அடைத்திருக்கும். துளைக்கு முன்னால் உள்ள அடைப்பு இப்படித்தான் எண்ணைக் கூட்டிக் காட்டும். அடுத்த ஹூட்டின் டேம்பரை யாரேனும் மூடியிருந்தாலும் எண் ஏறும்.

பிரிட்டனில் இத்தகைய அமைப்புகளைத் தகுதி பெற்றவர் 14 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம். பரிசோதனையில் காற்றின் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் வெல்டர் புகையைச் சுவாசித்துக்கொண்டிருக்கலாம். ஹூட்டை அவர் எங்கே வைக்கிறார் என்பதை மானோமீட்டர் காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள, வெல்டரின் முகமூடிக்குள் ஒரு சிறு ஃபில்டரைப் பொருத்தி, இடுப்பில் கட்டிய பம்ப் மூலம் ஒரு ஷிப்ட் முழுவதும் காற்றை இழுத்து, படிந்த துகளை எடை போடுகிறார்கள். தொட்டிக்குள்ளோ குழாய்க்குள்ளோ இறங்கி வெல்டிங் செய்யும் இடங்களில் இந்தக் கை ஹூட் நுழையவே நுழையாது. அங்கே புகையை வெல்டிங் டார்ச்சின் முனையிலேயே உறிஞ்சும் டார்ச்சும், முகமூடிக்குள் சுத்தக் காற்றைத் தள்ளும் கருவியும், தொட்டிக்குள் காற்று மாற்றும் தனி புளோயரும் தேவை.